மூன்றாம் ரேங்குக்குப் பிறகு ஆறாம் ரேங்க் வருவது ஏன்? சம மதிப்பெண் குறித்துப் பெற்றோருக்கு ஒரு விளக்கக் கடிதம்

ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவ மாணவியரின் பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வின் ரேங்க் பட்டியல் சென்ற வாரம் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பப்பட்டது. அதைப் பார்த்த பெற்றோரில் பலர் நேரிலும் தொலைபேசியிலும் ஒரே ஐயத்தைக் கேட்டார்கள். பட்டியலில் மூன்றாம் ரேங்க் மூன்று பேருக்குத் தரப்பட்டிருக்கிறது. அடுத்த ரேங்க் ஆறு என்று இருக்கிறது. நான்கும் ஐந்தும் யாருக்கும் இல்லை. "மூணு பேருக்கு மூணாவது ரேங்க்னா அடுத்தது நாலுதானே சார்? எம்பொண்ணுக்கு எப்படி ஆறு வந்துச்சு?" என்று கப்பலூரிலிருந்து வரும் ஒரு மாணவியின் தாயார் கேட்டார். நியாயமான கேள்வி. பட்டியலில் பிழை இல்லை. ஆனால் அது எந்த விதிப்படி தயாரிக்கப்பட்டது என்பதைப் பட்டியலோடு சேர்த்தே சொல்லியிருந்தால்தான் படிப்பவருக்கு விளங்கியிருக்கும் என்பதால், அந்த விதியையும் அதற்கான காரணங்களையும் இங்கே முழுமையாக எழுதுகிறேன். மாணவர்களின் பெயரைக் குறிப்பிடாமல் வருகைப் பதிவேட்டு எண்ணை மட்டும் பயன்படுத்தியிருக்கிறேன்.

## ரேங்க் என்ற எண் எதைச் சொல்கிறது

ஒரு மாணவரின் ரேங்க் என்பது, அவரைவிடக் கூடுதல் மொத்த மதிப்பெண் பெற்றவர்கள் வகுப்பில் எத்தனை பேர் என்று எண்ணி, அதனுடன் ஒன்றைக் கூட்டிய எண் ஆகும். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்து பாடங்களுக்கும் சேர்த்து 500-க்கு எடுத்த மொத்தம் மட்டுமே இதில் கணக்கில் வரும். ஒருவருக்கு மேலே யாருமே இல்லையென்றால் அவர் ரேங்க் 1. மேலே ஐந்து பேர் இருந்தால் அவர் ரேங்க் 6. அந்த ஐந்து பேரும் ஐந்து வெவ்வேறு மதிப்பெண் எடுத்தார்களா, அவர்களுக்குள் சிலர் சமமாக எடுத்தார்களா என்பது ஆறாவதாக நிற்பவரின் ரேங்கை மாற்றாது.

சம மதிப்பெண் என்ற சிக்கல் இல்லாத பட்டியலில் இந்த விளக்கம் தேவைப்படுவதே இல்லை. 1, 2, 3 என்று எண்கள் தாமாகவே வரிசையாக வந்துவிடும். இருவர் ஒரே மதிப்பெண் பெறும்போதுதான், இடத்தை எண்ணுகிறோமா, ஆட்களை எண்ணுகிறோமா, மதிப்பெண்களை எண்ணுகிறோமா என்ற கேள்வி எழுகிறது.

## ஒரே பட்டியல், மூன்று முறைகள்

இந்த அரையாண்டுத் தேர்வில் முதல் எட்டுப் பேர் எடுத்த மொத்த மதிப்பெண்ணும், மூன்று வெவ்வேறு முறைகளில் அவர்களுக்கு வரக்கூடிய ரேங்கும் கீழே உள்ளன.

| வருகை எண் | மொத்தம் | இடம் விட்டு எண்ணும் முறை | இடம் விடாத முறை | சமனை முறிக்கும் முறை |
|---|---|---|---|---|
| 22 | 481 | 1 | 1 | 1 |
| 9 | 476 | 2 | 2 | 2 |
| 4 | 468 | 3 | 3 | 3 |
| 17 | 468 | 3 | 3 | 4 |
| 31 | 468 | 3 | 3 | 5 |
| 12 | 461 | 6 | 4 | 6 |
| 26 | 461 | 6 | 4 | 7 |
| 35 | 455 | 8 | 5 | 8 |

நம் பள்ளி கடைப்பிடிப்பது முதல் முறை. சமமாக எடுத்தவர்கள் ஒரே ரேங்கைப் பெறுவார்கள். அவர்களுக்கு அடுத்து வருபவர், தமக்கு மேலே உள்ள அனைவரையும் எண்ணிய பிறகு கிடைக்கும் ரேங்கைப் பெறுவார். வருகை எண் 12-க்கு மேலே 22, 9, 4, 17, 31 என ஐந்து பேர் இருக்கிறார்கள். ஆகவே அவர் ஆறு. அவரோடு 461 எடுத்த 26-க்கும் மேலே அதே ஐந்து பேர்தான். ஆகவே அவரும் ஆறு. 35-க்கு மேலே ஏழு பேர். ஆகவே எட்டு.

விளையாட்டுப் போட்டிகளில் இந்த முறை பலரும் பார்த்துப் பழகியதுதான். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் உயரம் தாண்டுதலில் கத்தார் வீரர் பர்ஷிமும் இத்தாலி வீரர் தம்பேரியும் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அடுத்து வந்த பெலாரஸ் வீரருக்குக் கிடைத்தது வெண்கலம்; வெள்ளி யாருக்கும் தரப்படவில்லை. அவருக்கு மேலே இருவர் இருந்ததால் அவர் மூன்றாமவர் என்பதே அதன் கணக்கு.

இரண்டாவது முறை, ஆட்களை எண்ணாமல் வெவ்வேறு மதிப்பெண்களை எண்ணுகிறது. 481, 476, 468, 461 என்று எண்ணினால் 461 நான்காவது மதிப்பெண். ஆகவே ரேங்க் 4. கேள்வி கேட்ட பெற்றோர் பெரும்பாலோர் மனத்தில் இருப்பது இந்த முறைதான். சில பள்ளிகளில் இதைக் கடைப்பிடிக்கிறார்கள். அதுவும் விதிதான், தவறான கணக்கு அல்ல. ஆனால் வகுப்பு ரேங்குக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து.

## இடம் விடாமல் எண்ணினால் என்ன ஆகும்

முதல் விளைவு, முன்னேற்றம் இல்லாத இடத்தில் முன்னேற்றம் தெரியும். வருகை எண் 12-ஐயே எடுத்துக்கொள்வோம். காலாண்டுத் தேர்வில் அவருக்கு மேலே ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களுக்குள் யாரும் சமமாக எடுக்கவில்லை. ஆகவே எந்த முறையில் பார்த்தாலும் ரேங்க் 6. அரையாண்டிலும் அவருக்கு மேலே ஐந்து பேர்தான். நம் முறையில் ரேங்க் மீண்டும் 6. இடம் விடாத முறையிலோ அது 4 ஆகிவிடும். வீட்டில் "ஆறிலிருந்து நாலுக்கு வந்துவிட்டாள்" என்று மகிழ்வார்கள். உண்மையில் மாறியது, மேலே உள்ள மூன்று பேர் தற்செயலாக ஒரே மதிப்பெண் எடுத்தது மட்டுமே. அடுத்த தேர்வில் அந்த மூவரும் 469, 468, 467 என்று பிரிந்துவிட்டால், அவள் நன்றாகவே எழுதியிருந்தாலும் "மறுபடி ஆறாவதுக்கு இறங்கிவிட்டாள்" என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சைக் கேட்கும் பிள்ளையின் நிலையை எண்ணித்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டாவது விளைவு பட்டியலின் கீழ்ப்பகுதியில் தெரியும். 25 மதிப்பெண்ணுக்கு ஒரு வகுப்புத் தேர்வு வைத்தால், 0 முதல் 25 வரை மொத்தம் 26 மதிப்பெண்கள்தான் சாத்தியம். நம் வகுப்பில் 38 பேர். இடம் விடாத முறையில் 26-க்கு மேல் ரேங்க் வரவே முடியாது. பெரும்பாலோர் 10-க்கும் 23-க்கும் இடையில்தான் எடுப்பார்கள் என்பதால், கடைசி ரேங்க் 14 என்றுகூட முடியலாம். 38 பேரில் கடைசியாக உள்ள பிள்ளையின் ரேங்க் 14 என்று தாளில் இருந்தால், அதைப் பார்க்கும் பெற்றோர் பிள்ளை வகுப்பின் நடுப்பகுதியில் இருப்பதாகவே நினைப்பார்கள். உதவி தேவைப்படும் பிள்ளைக்கு அது கிடைக்காமல் போவதற்கு இந்த ஓர் எண்ணே காரணமாகிவிடும்.

இடம் விட்டு எண்ணும் முறையிலும் ஒரு குறை உண்டு. மேலே உள்ள மூவரில் ஒவ்வொருவரும் வேறு ஒருவரைவிட ஒரு மதிப்பெண்கூடப் பின்தங்காமல் நிற்க, அவர்களுக்கு ஏழே மதிப்பெண் பின்னால் உள்ள மாணவி மூன்றிலிருந்து ஆறுக்குத் தள்ளப்பட்டதைப் போலத் தோன்றுகிறது. ரேங்க் ஆட்களை எண்ணுகிறதே தவிர, இடைவெளியை அளப்பதில்லை. அதனால் ரேங்கை மட்டும் பார்க்காமல் பக்கத்துக் கட்டத்தில் உள்ள மொத்த மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

## சமமாக எடுத்தவர்களைப் பிரித்தால் என்ன

சில பெற்றோர் வேறொரு யோசனை சொன்னார்கள். கணிதத்தில் யார் கூடுதலாக எடுத்தாரோ அவருக்கு முன்னுரிமை கொடுத்து, ஒருவருக்கு ஒரு ரேங்க் என்று முடித்துவிடலாமே என்றார்கள். பொறியியல் கலந்தாய்வில் அப்படித்தானே செய்கிறார்கள் என்றும் கேட்டார்கள்.

தமிழ்நாடு பொறியியல் மாணவர் சேர்க்கையில் தரவரிசை மதிப்பெண் சமமாக இருந்தால் முதலில் கணிதம், பிறகு இயற்பியல் என்று வரிசையாக ஒப்பிடுகிறார்கள்; அவையெல்லாம் சமமாகவே இருந்தால் பிறந்த தேதியையும் இறுதியாகச் சமவாய்ப்பு எண்ணையும் பார்க்கிறார்கள் என்பது உண்மை. அங்கே அதற்கு ஒரு தேவை இருக்கிறது. ஒரு கல்லூரியில் ஒரு பாடப்பிரிவில் மீதம் இருப்பது ஓர் இடம். அதை இரண்டாக வெட்டிக் கொடுக்க முடியாது. யாரை முதலில் அழைப்பது என்று ஏதாவது ஒரு விதியால் முடிவு செய்தே ஆக வேண்டும். வகுப்பு ரேங்கில் அப்படிப் பங்கிட முடியாத பொருள் எதுவும் இல்லை. மூன்றாம் ரேங்கை மூவருக்குக் கொடுத்தால் யாருடைய இடமும் பறிபோவதில்லை.

மேலும், பிரிப்பதற்கு எந்த விதியைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த விதியே வெற்றியாளரை முடிவு செய்துவிடும். 468 எடுத்த மூவரின் மதிப்பெண்களைப் பாருங்கள்.

| வருகை எண் | தமிழ் | ஆங்கிலம் | கணிதம் | அறிவியல் | சமூக அறிவியல் | மொத்தம் |
|---|---|---|---|---|---|---|
| 4 | 94 | 91 | 98 | 95 | 90 | 468 |
| 17 | 97 | 95 | 89 | 92 | 95 | 468 |
| 31 | 92 | 93 | 93 | 93 | 97 | 468 |

கணிதத்துக்கு முன்னுரிமை என்றால் 4 முன்னால் வருவார். தமிழுக்கு முன்னுரிமை என்றால் 17. சமூக அறிவியலுக்கு என்றால் 31. மூவரில் யார் சிறந்தவர் என்பதற்கு இந்த மதிப்பெண்களில் விடை இல்லை. எந்தப் பாடத்தை உயர்த்திப் பிடிக்கிறோம் என்பதற்குத்தான் விடை இருக்கிறது. ஐந்து பாடங்களும் சமம் என்று சொல்லித்தான் ஐந்தையும் கூட்டினோம். கூட்டி முடித்த பிறகு ஒன்றை மட்டும் மேலே தூக்குவது முதலில் சொன்னதற்கு முரணாகும்.

சொல்லாமலே சமன் முறிக்கப்படும் இடமும் ஒன்று உண்டு. கணினியில் பட்டியலை மொத்த மதிப்பெண்ணின்படி இறங்குவரிசையில் அடுக்கிவிட்டு, பக்கத்தில் 1, 2, 3 என்று எண்ணை இழுத்துவிடுவது எளிதான வேலை. அப்படிச் செய்தால் சமமாக எடுத்தவர்கள் ஏற்கெனவே இருந்த வரிசையிலேயே, அதாவது வருகைப் பதிவேட்டு வரிசையிலேயே நிற்பார்கள். 4 மூன்றாவது, 17 நான்காவது, 31 ஐந்தாவது. பதிவேடு அகர வரிசையில் இருந்தால், அகரத்தில் பெயர் தொடங்கும் பிள்ளை ஒவ்வொரு தேர்விலும் முன்னால் வருவாள். வகரத்தில் தொடங்கும் பிள்ளை ஒவ்வொரு தேர்விலும் பின்னால் தள்ளப்படுவாள். மாணவர் பெயர்களை முதலிலும் மாணவியர் பெயர்களை அடுத்தும் எழுதும் பதிவேடானால், சமமாக எடுத்த மாணவி எப்போதும் மாணவனுக்குக் கீழே இருப்பாள். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை என்பதாலேயே இதைக் கண்டுபிடிப்பதும் கடினம். அடையாளம் ஒன்றுதான்: மொத்தம் சமமாக இருந்தும் ரேங்க் வேறாக இருக்கும். எந்தப் பள்ளியின் பட்டியலிலும் அப்படிக் கண்டால், பிரித்ததற்கான விதி என்ன என்று தயங்காமல் கேளுங்கள்.

## உண்மையில் சமம்தானா

சமம் என்று சொல்வதற்கு முன் எந்த எண்ணை ஒப்பிடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

1. ரேங்க் மொத்த மதிப்பெண்ணைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ரேங்க் கார்டில் உள்ள சராசரியைக் கொண்டு அல்ல. கார்டில் சராசரியை முழு எண்ணாக்கி எழுதுகிறோம். 468-இன் சராசரி 93.6, அது 94 என்று எழுதப்படும். 472-இன் சராசரி 94.4, அதுவும் 94 என்றே எழுதப்படும். நான்கு மதிப்பெண் வித்தியாசம் உள்ள இருவர் கார்டில் சமமாகத் தெரிவார்கள். சராசரி ஒன்றாக இருந்தும் ரேங்க் வேறாக இருக்கிறதே என்று கேட்ட இரண்டு பெற்றோருக்கு இதுவே விடை.

2. விடைத்தாளில் அரை மதிப்பெண் வந்தால், அந்தப் பாடத்தின் மொத்தத்தில் அதை அடுத்த முழு எண்ணாக்குகிறோம். இரண்டு பாடங்களில் அரை வந்தவருக்கு இதனால் ஒரு மதிப்பெண் கூடும். அரையே வராதவருக்குக் கூடாது. ஆக, ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் முன்னும் பின்னும் நிற்கும் இருவரைத் திறமையில் வேறுபட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் தாளில் அறிவித்த மதிப்பெண்ணே இறுதி. அரைகளைத் திரும்பத் தோண்டி எடுத்துச் சமனை உடைப்பதும், சமமில்லாததைச் சமமாக்குவதும் செய்யப்படுவதில்லை.

## தேர்ச்சி பெறாதவரும் தேர்வு எழுதாதவரும்

ஏதேனும் ஒரு பாடத்தில் 35-க்குக் குறைவாக எடுத்தவருக்கும், ஒரு தேர்வுக்கேனும் வராதவருக்கும் நம் பள்ளியில் ரேங்க் தருவதில்லை. இம்முறை அப்படி இருவர் இருக்கிறார்கள். வருகை எண் 20 அறிவியல் தேர்வன்று வரவில்லை. வருகை எண் 8 கணிதத்தில் 33 எடுத்திருக்கிறார். ஆனால் மற்றப் பாடங்களில் நன்றாக எழுதியதால் மொத்தம் 372. ஆகவே இம்முறை ரேங்க் பெற்றவர்கள் 36 பேர்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வருகை எண் 15-இன் மொத்தம் 370; ஐந்திலும் தேர்ச்சி. தேர்ச்சி பெற்றவர்களில் அவருக்கு மேலே 18 பேர். ஆகவே அவர் ரேங்க் 19. ஆனால் 372 எடுத்த 8-ஆம் எண்ணையும் மேலே உள்ளவராக எண்ணிவிட்டால் 15-க்கு ரேங்க் 20 வந்துவிடும். தமக்கு ரேங்க் இல்லாத ஒருவர் இன்னொருவரின் ரேங்கைக் கீழே தள்ளுவது முறையல்ல என்பதால், ரேங்க் பெறாதவர்களை எண்ணிக்கையிலிருந்தே நீக்கிவிடுகிறோம்.

கணினியில் மொத்த மதிப்பெண் `H` பத்தியிலும், தேர்ச்சி பெற்றவர்களுக்கு `P` என்ற குறி `I` பத்தியிலும் உள்ளன. 38 பேருக்கும் சேர்த்து இந்த ஒரு சூத்திரமே பயன்படுகிறது. `P` இல்லாதவரின் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறோம்.

```
=IF(I2="P",COUNTIFS($H$2:$H$39,">"&H2,$I$2:$I$39,"P")+1,"")
```

"தேர்ச்சி பெற்றவர்களில் இவரைவிடக் கூடுதலாக எடுத்தவர்களை எண்ணி ஒன்றைக் கூட்டு" என்பதே இதன் பொருள். இதில் `$` குறிகளை விட்டுவிட்டுக் கீழே இழுத்தால், எண்ணப்படும் பகுதியும் ஒவ்வொரு வரியாகக் கீழே நகர்ந்துவிடும். பதிவேட்டின் கடைசி எண்ணான 38, தம்மைத் தவிர யாரையும் ஒப்பிடாமல் முதல் ரேங்க் பெற்றுவிடுவார். அதைக் கவனிக்காமல் அச்சிட்டால் பதிவேட்டில் பின்னால் உள்ளவர்கள் அனைவரின் ரேங்கும் இருக்க வேண்டியதைவிட நல்லதாகத் தெரியும்.

## வீட்டிலேயே சரிபார்க்க

1. உங்கள் பிள்ளையைவிடக் கூடுதல் மொத்தம் உள்ள, ரேங்க் பெற்ற பெயர்களை எண்ணுங்கள். ஒன்றைக் கூட்டுங்கள். கிடைப்பது பட்டியலில் உள்ள ரேங்காக இருக்க வேண்டும்.

2. ஒரு ரேங்க் எத்தனை பேருக்குத் தரப்பட்டிருக்கிறதோ அத்தனையை அந்த ரேங்கோடு கூட்டினால் அடுத்த ரேங்க் வர வேண்டும். மூன்றாம் ரேங்க் மூவருக்கு, அடுத்தது 6. ஆறாம் ரேங்க் இருவருக்கு, அடுத்தது 8.

3. சமமாக எடுத்தவர் யாரும் இல்லாமலே இடையில் ஓர் எண் விடுபட்டிருந்தால், அது பிழை. ரேங்க் இல்லாத ஒருவர் எண்ணிக்கையில் சேர்ந்துவிட்டார் என்று பொருள்.

## ஆண்டு விழாப் பரிசு

முதல் மூன்று ரேங்குக்குத் தரப்படும் பரிசிலும் இதே விதிதான். முழு ஆண்டு மொத்தத்தில் இருவர் முதல் ரேங்க் பெற்றால் இரண்டு முதல் பரிசு; இரண்டாம் பரிசு இருக்காது; அடுத்தவருக்கு மூன்றாம் பரிசு. மூவர் முதல் ரேங்க் பெற்றால் அவர்களோடு பரிசுப் பட்டியல் முடிந்துவிடும். அப்படி நேர்ந்தால் நான்காவதாக நிற்கும் பிள்ளைக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும். ஆனால் தமக்கு மேலே மூவர் இருக்க இரண்டாம் பரிசு என்று ஒன்றைக் கொடுப்பது சரியாகாது. மூன்றாம் ரேங்கில் மூவர் இருந்தால் மூவருக்கும் ஒரே மதிப்புள்ள பரிசு தரப்படும். ஒன்றை மூன்றாகப் பங்கிடுவதில்லை.

தமிழ்நாட்டில் 2017 முதல் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வுகளில் மாநில, மாவட்ட ரேங்க் அறிவிக்கப்படுவதில்லை என்பது நீங்கள் அறிந்ததே. இங்கே சொல்லப்பட்டது பள்ளிக்குள் மட்டும் பயன்படும் வகுப்பு ரேங்க். பொதுத் தேர்வுச் சான்றிதழிலோ மேற்படிப்புச் சேர்க்கையிலோ இதற்கு இடம் இல்லை.

## மதிப்பெண் திருத்தம் வந்தால்

கூட்டலில் பிழை இருப்பதாகத் தோன்றினால், விடைத்தாளுடன் வரும் வெள்ளிக்கிழமை மாலைக்குள் வகுப்பாசிரியரிடம் வர வேண்டுகிறேன். திருத்தம் ஒருவருக்கு வந்தாலும் ரேங்க் பலருக்கு மாறக்கூடும். வருகை எண் 17-க்கு ஒரு மதிப்பெண் கூடினால் அவர் 469 பெற்றுத் தனியாக மூன்றாம் ரேங்கில் நிற்பார். 4-உம் 31-உம் மதிப்பெண் குறையாமலே நான்காம் ரேங்குக்கு வருவார்கள். 12-க்கும் 26-க்கும் மேலே அதே ஐந்து பேர்தான் என்பதால் அவர்கள் ஆறிலேயே இருப்பார்கள். மாறாக, 12-க்கு ஏழு மதிப்பெண் கூடினால் மூன்றாம் ரேங்க் நால்வருக்கு ஆகும். 26 ஏழாம் ரேங்குக்குச் செல்வார். எட்டில் உள்ளவருக்கு மாற்றம் இராது. இத்தகைய மாற்றம் இருப்பின், திங்கட்கிழமை திருத்திய பட்டியல் 38 பேருக்கும் மீண்டும் வழங்கப்படும். அதன் தலைப்பில் திருத்தப்பட்ட நாளும், எத்தனை பேருக்கு ரேங்க் தரப்பட்டுள்ளது என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். பழைய தாளை அன்றே திருப்பிக் கொடுத்தனுப்ப வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வகுப்பாசிரியர்,
ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.